நடையும் வினையும்: புதுவை எழுத்துகளின்வழி தமிழில் நடைவகை உணர்த்தப்படும் முறை

ஆய்வுச் சுருக்கம்

ஒருவர் நடக்கும் பாங்கை, அதாவது உலாவுவது, வீறுடன் நடப்பது, கால்கடுக்க நடப்பது முதலியவற்றைத் தமிழ் வருணனை எழுத்து எந்த இலக்கண உறுப்பின்வழி உணர்த்துகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஆங்கிலத்தோடு ஒப்பிடுவோர் இத்துறையில் தமிழ் வினைச்சொற்கள் குறைவு எனக் கூறுவதுண்டு. தமிழில் நடைவகை பெரும்பாலும் முற்றுவினைக்குள் அமைவதில்லை. வினையெச்சம், ஒலிக்குறிப்புச் சொல், 'நடை' என்னும் பெயர்த்தொடர் ஆகிய மூன்று இடங்களில் அமைகிறது என்பது இக்கட்டுரையின் முடிபு. 18ஆம் நூற்றாண்டு நாட்குறிப்பு, 19ஆம் நூற்றாண்டு அகராதிப் பணி, 20ஆம் நூற்றாண்டுக் கவிதை என்னும் மூன்று புதுவைச் சான்றுகள் இதற்குத் துணையாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நடைவகை, வினையெச்சம், ஒலிக்குறிப்பு, ஆனந்தரங்கப் பிள்ளை, புதுவை அகராதிகள், பாரதி.

முன்னுரை

'நட' என்னும் வினை கால்களால் இடம்பெயர்தலை மட்டும் கூறும். நடப்பவர் களைத்திருக்கிறாரா, செருக்கோடு செல்கிறாரா, நோக்கமின்றித் திரிகிறாரா என்பதை அது கூறாது. வருணனை எழுத்துக்கு இன்றியமையாதது இந்த எஞ்சிய செய்தியே. ஒரு பாத்திரத்தின் அகவை, உடல்நலம், மனநிலை, சமூக நிலை ஆகியவற்றை அதன் நடையைக் கொண்டே எழுத்தாளர் காட்டிவிடுகிறார். ஆகவே அச்செய்தி தொடரின் எப்பகுதியில் வைக்கப்படுகிறது என்பது இலக்கணத்துக்கும் இலக்கிய வரலாற்றுக்கும் பொதுவான வினாவாகிறது.

இவ்வினாவை ஆராயப் புதுச்சேரி பொருத்தமான களம். தமிழும் பிரெஞ்சும் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக ஒரே நகரில் ஆட்சியிலும் அச்சிலும் கல்வியிலும் அருகருகே வழங்கிய இடம் அது. இயக்க வினைகளின் அமைப்பில் இவ்விரு மொழிகளும் ஒரே வகையைச் சேர்ந்தவை. எனவே ஆங்கிலத்தை அளவுகோலாகக் கொள்ளும்போது மறைந்துபோகும் ஒரு செய்தி, பிரெஞ்சை அருகில் வைக்கும்போது தெளிவாகிறது.

1. நடைவகை அமரும் இடங்கள்

மொழியியலாளர் லியோனார்ட் டால்மி 1985ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, இயக்கத்தைக் கூறும் முறையால் உலக மொழிகளைப் பகுத்தது. ஆங்கிலம் போன்ற மொழிகளில் இயக்கத்தின் பாங்கு முதன்மை வினைக்குள்ளேயே அடங்கும். திசையை வேறொரு சிறுசொல் காட்டும். பிரெஞ்சு, ஸ்பானிஷ், தமிழ் போன்ற மொழிகளில் புகுதல், வெளியேறுதல், ஏறுதல், வருதல் முதலிய திசை வினைக்குள் அடங்கும். பாங்கு வினைக்கு வெளியே நிற்கும். இப்பகுப்பு மொழிகளின் பெரும்போக்கைக் காட்டுவதே தவிர விலக்கற்ற விதியன்று. தமிழிலும் உலாவு, தவழ், நொண்டு, தள்ளாடு எனப் பாங்கைத் தம்முள் கொண்ட வினைகள் உள்ளன. ஆயினும் அவை தொடரில் நடந்துகொள்ளும் முறை ஆங்கில வினைகளின் முறையன்று.

இதனை ஓர் எளிய சோதனையால் அறியலாம். 'அவன் கடற்கரைக்கு நடந்தான்' என்பது இயல்பான தொடர். 'அவன் கடற்கரையில் உலாவினான்' என்பதும் இயல்பானதே. ஆனால் 'அவன் கடற்கரைக்கு உலாவினான்' என்பது பொருந்தவில்லை. 'உலாவு' என்பது ஓரிடத்துக்குள் நிகழும் செயலைக் குறிக்கிறது. சென்றடையும் இடத்தைக் காட்டும் நான்காம் வேற்றுமையை அது ஏற்பதில்லை. அவ்வாறே 'வீட்டுக்குத் தள்ளாடினான்', 'மருத்துவமனைக்கு நொண்டினான்' என்னும் தொடர்களும் இயல்பாக ஒலிப்பதில்லை. 'தள்ளாடியபடி வீட்டுக்கு வந்தான்', 'நொண்டிக்கொண்டே மருத்துவமனைக்குப் போனான்' என்பனவே வழக்கு. சென்றடையும் இடம் தொடருக்குள் வந்தவுடன் பாங்கு வினை முற்றுநிலையை விட்டுக்கொடுத்து எச்சமாகிறது. 'வா', 'போ', 'நட' என்பவற்றுள் ஒன்று முற்றாகிறது.

நடைவகை அமரும் முதல் இடம் இந்த வினையெச்சமே. இங்குத் தமிழ் மிகுந்த செல்வம் உடையது. தளர்ந்து, தயங்கி, ஒதுங்கி, பதுங்கி, கைவீசி, காலை இழுத்து, நெஞ்சை நிமிர்த்தி எனச் செய்தென் எச்சங்கள் விரிகின்றன. 'கால்கடுக்க நடந்தான்' என்பதில் செயவென் எச்சம் நெடுவழியின் நோவை உணர்த்துகிறது. எச்சம் இரட்டிக்கும்போது மற்றொரு நுட்பம் பிறக்கிறது. 'குழந்தை தத்தி நடந்தது' என்பதைவிடத் 'தத்தித் தத்தி நடந்தது' என்பதே வழக்கில் மிகுதி. நடை என்பது ஒரே அசைவு மாறிமாறி நிகழும் செயல். சொல்லின் இரட்டிப்பு அடிகளின் அடுக்கை எதிரொலிக்கிறது. 'விந்தி விந்தி', 'கெந்திக் கெந்தி' என ஊனமுற்ற நடையைக் குறிக்கும் எச்சங்கள் பெரும்பாலும் இரட்டித்தே வருவதற்கும் இதுவே காரணமாகலாம்.

இரண்டாவது இடம் ஒலிக்குறிப்புச் சொல். விறுவிறுவென்று, குடுகுடுவென்று, மடமடவென்று, லொங்குலொங்கென்று என்பன இவ்வகையின. இவற்றுள் ஒவ்வொன்றும் விரைவு, அடியின் நீளம், உடலின் கனம், நோக்கம் ஆகியவற்றுள் சிலவற்றை ஒருங்கே உணர்த்தும். 'விறுவிறுவென்று' நடப்பவருக்கு நோக்கம் உண்டு. 'குடுகுடுவென்று' நடப்பவர் அடி குறுகியவர். குழந்தையோ முதியவரோ ஆகலாம். 'லொங்குலொங்கென்று' நடந்தவரின் உழைப்பு வீணாயிற்று என்னும் குறிப்பும் உடன் வரும். 'என' என்னும் இடைச்சொல் வினை, குறிப்பு, இசை, பண்பு, எண், பெயர் ஆகியவற்றைத் தழுவி வரும் எனத் தொல்காப்பிய இடையியல் வகுத்திருப்பதால், இவ்வமைப்பின் தொன்மையும் அதற்கு இலக்கணத்தில் கிடைத்த இடமும் விளங்கும்.

மூன்றாவது இடம் 'நடை' என்னும் பெயர். அன்னநடை, தளர்நடை, பீடுநடை, 'ஓட்டமும் நடையுமாக' என்னும் வழக்குகளில் பாங்கு பெயரின் அடையாகிறது. இவ்விடம் இலக்கியத்தில் மிகுதியாகப் பயின்றது. மரபாக உறைந்ததும் இதுவே. மகளிர்க்கு அன்னமும் பிடியும், ஆடவர்க்குக் களிறும் ஏறும் அரிமாவும் என உவமைகள் பால்வழிப் பங்கிடப்பட்டன.

பாங்கை வினைக்கு வெளியே வைத்தால் வருணனை மெலியுமோ என்னும் ஐயத்துக்குக் கம்பர் விடை தருகிறார். ஆரணிய காண்டத்தில் சூர்ப்பணகை அழகிய வடிவெடுத்து இராமனை நோக்கி வரும் செய்யுள், நடையை வருணிக்கும் தமிழ்ப் பகுதிகளுள் மிகவும் புகழ்பெற்றது. அச்செய்யுளின் முற்றுவினை 'வந்தாள்' என்பது மட்டுமே. அவளது நடையின் நயமும் அதனுள் ஒளிந்த வஞ்சமும் மயில், அன்னம், கொடி முதலிய உவமைகளாலும், மெல்லின ஒலிகள் அடுத்தடுத்து வரும் ஓசையாலும் உணர்த்தப்படுகின்றன. முற்றுவினை வெறுமையாக இருப்பதனாலேயே அதற்கு முன்னுள்ள இடம் முழுவதும் வருணனைக்குத் திறந்துள்ளது.

2. நாட்குறிப்பில் போக்கும் வரவும்

ஆனந்தரங்கப் பிள்ளை 1709இல் பிறந்து 1761இல் மறைந்தவர். துய்ப்ளேக்சின் தலைமைத் துபாஷியாக விளங்கியவர். 1736 முதல் அவர் எழுதிவந்த நாட்குறிப்பு 18ஆம் நூற்றாண்டுப் புதுவை வழக்கைக் காட்டும் பேராவணம். கையெழுத்துப் படி 1846இல் வெளியுலகின் கவனத்துக்கு வந்தது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாகச் சென்னையில் வெளியிடப்பட்டது.

நாட்குறிப்பில் மனிதர்கள் ஓயாது போகிறார்கள், வருகிறார்கள். கோட்டைக்குப் போவது, ஆளுநரைக் காண வருவது, தோட்டத்துக்குச் செல்வது, வந்தவரை எதிர்கொள்வது என நாள்தோறும் இயக்கமே நிகழ்ச்சியாகிறது. இவ்வியக்கத்தைக் கூறும்போது நாட்குறிப்பாளரின் கவனம் எந்நேரம், எவரோடு, எவ்வளவு தூரம், எதில் ஏறி என்பனவற்றில் நிற்கிறது. பல்லக்கும் குதிரையும் உடன்வரும் பரிவாரமும் குறிக்கப்படுகின்றன. 1749இல் ஆம்பூர்ப் போருக்குப்பின் சந்தா சாகிபும் முசபர் சங்கும் புதுவைக்கு வந்தது போன்ற நிகழ்ச்சிகளில், வரவேற்பவர் எங்குவரை எதிர்சென்றார் என்பதே மதிப்பின் அளவாகிறது.

கால்களின் பாங்கு இங்கு அரிதாகவே தேவைப்படுகிறது. மேல்நிலையில் இருப்போர் ஊர்தியில் செல்லும் சமூகத்தில், ஒருவர் எவ்வாறு நடந்தார் என்பதைவிட நடந்தாரா, ஏறிச் சென்றாரா என்பதே செய்தி. ஆயினும் தொடரமைப்பு முன்னர்க் கண்டதே. 'பல்லக்கில் ஏறிப் போனார்' என்பதில் ஊர்தி எச்சத்தின் இடத்தில் அமர்கிறது. 'தளர்ந்து போனார்' என்பதில் தளர்வு அமரும் அதே இடம் அது. நடைவகையும் ஊர்திவகையும் தமிழ்த் தொடரில் ஒரே நாற்காலியைப் பகிர்ந்துகொள்கின்றன. நாட்குறிப்பில் அந்த நாற்காலியைத் தகுதி பிடித்துக்கொண்டது.

'உலா' என்னும் சொல்லின் வரலாறும் இதனோடு இணைத்து நோக்கத்தக்கது. உலா என்னும் சிற்றிலக்கியத்தில் தலைவன் பெரும்பாலும் ஊர்தியில் பவனி வருகிறான். அவனைக் கண்டு எழுபருவ மகளிரும் மயங்குகின்றனர். இன்று மாலைக் கடற்கரையில் எவரும் உலாவலாம். வீதிவலம் என்னும் சிறப்பு நிகழ்ச்சியைச் சுட்டிய சொல், காற்று வாங்க நடக்கும் எளியவரின் ஓய்வையும் சுட்டுகிறது. சொல்லின் பொருளில் நிலைத்தது இலக்கின்றிச் சுற்றிவருதல் என்னும் கூறு; 'உலாவு' சென்றடையும் இடத்தை ஏற்காமைக்கு அக்கூறே அடிப்படை.

நாட்குறிப்பை மூலமாகக் கொண்டு புதுவை எழுத்தாளர் பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்னும் புதினங்களைப் படைத்தார். பின்னது 1995இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. நாட்குறிப்பு 'வந்தார்' என முடித்துக்கொள்ளும் இடத்தில், புதின ஆசிரியர் வந்தவரின் உடலையும் தயக்கத்தையும் வாசகர் காணச் செய்தாக வேண்டும். வரலாற்று ஆவணம் புதினமாகும்போது முற்றுவினை மாறவேண்டியதில்லை. அதற்கு முன்னுள்ள எச்சமே நிரப்பப்பட வேண்டும்.

3. அகராதியாளர் எதிர்கொண்ட சிக்கல்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் புதுவை, தமிழ் அகராதிக் கலையின் முதன்மை மையங்களுள் ஒன்றாயிற்று. பாரிசு அயல்நாட்டு மறைபரப்புச் சபையைச் சேர்ந்த மூசே, துய்ப்புய் ஆகிய இருவரின் உழைப்பில் 1846இல் இலத்தீன்–பிரெஞ்சு–தமிழ் அகராதியும், 1855, 1862 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாகத் தமிழ்–பிரெஞ்சு அகராதியும் மறைபரப்புச் சபையின் புதுவை அச்சகத்தில் அச்சாயின. பின்னதன் இரண்டாம் தொகுதி வெளிவந்த 1862ஆம் ஆண்டிலேயே சென்னையில் வின்சுலோவின் தமிழ்–ஆங்கில அகராதியும் வெளிவந்தது.

ஒரே காலத்தில் இரு நகரங்களில் நடந்த இப்பணிகள் நடைவகைச் சொற்களைப் பொறுத்தவரை வேறுபட்ட தளங்களில் நின்றன. ஆங்கிலத்திலிருந்து தமிழை நோக்குபவர், ஒரு வினைக்கு ஒரு வினையைத் தேடுகிறார். நீண்ட அடி வைத்து நடத்தலைக் குறிக்கும் ஒற்றைச்சொல் ஆங்கிலத்தில் உண்டு. தமிழில் 'எட்டி நட', 'நெடிய அடி வைத்து நட' எனத் தொடரே கிடைக்கிறது. தேடியவருக்கு இது குறையாகத் தோன்றும். பிரெஞ்சிலிருந்து நோக்குபவருக்கு அக்குறை தோன்ற இடமில்லை. பிரெஞ்சிலும் அது 'மார்ஷே ஆ கிராந் பா', அதாவது 'பெரிய அடிகளால் நடத்தல்' என்னும் தொடரே. 'தள்ளாடியபடி உள்ளே வந்தான்' என்பதற்குப் பிரெஞ்சு மொழியும் 'உட்புகுந்தான்' என்பதை முதன்மை வினையாக்கித் 'தள்ளாடிக்கொண்டு' என்பதை எச்சம் போன்ற வடிவில் இணைக்கும். உலாவுதலுக்குப் பிரெஞ்சில் வழங்கும் 'ஸ ப்ரொம்னே' என்பதும் தமிழ் 'உலாவு' போலவே இடத்துக்குள் நிகழும் ஓய்வுநடையைச் சுட்டுகிறது.

பிரெஞ்சும் தமிழும் வேறுபடும் இடம் ஒலிக்குறிப்பே. 'விறுவிறு', 'குடுகுடு' என்பவற்றுக்கு நிகராகப் பிரெஞ்சில் பெருவழக்கான சொல்வகை இல்லை. மேலும் இச்சொற்கள் அகராதியின் அமைப்பையே சோதிக்கின்றன. அவை பெயரல்ல, வினைப்பகுதியும் அல்ல. 'என' அல்லது 'என்று' சேராமல் தொடரில் நிற்பது அரிது. பழைய நிகண்டுகளுள் திவாகரம் செயல்பற்றிய பெயர்களை ஒன்பதாம் தொகுதியிலும் ஒலிபற்றிய பெயர்களைப் பத்தாம் தொகுதியிலும் வைத்தது. அப்பகுப்பில் நடையைச் சுட்டும் சொல் ஓரிடத்திலும் நடையின் ஓசை மற்றோரிடத்திலும் சேரும். 20ஆம் நூற்றாண்டில் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 'விறுவிறெனல்' என்பதுபோல 'எனல்' ஈற்றுத் தலைச்சொற்களை அமைத்து இச்சிக்கலைத் தீர்க்க முயன்றது. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 'என்று' ஈற்றுடன் இவற்றை வினையடைகளாகப் பதிவு செய்கிறது. இரண்டாம் முறை இன்றைய வழக்குக்கு நெருக்கமானது. ஒலிக்குறிப்பு எந்த வினையோடு சேரும் என்பதை எடுத்துக்காட்டால் உணர்த்தவும் அது இடந்தருகிறது.

தலைச்சொல்லாக அமைந்த வினைகளை மட்டும் எண்ணித் தமிழின் நடைவகைச் சொல்வளத்தை அளப்பது பிழையான அளவை என்பது இதனால் பெறப்படும். எண்ணப்பட வேண்டியவை வினைகளல்ல. எச்சத்துக்கும் முற்றுக்கும் இடையிலான இணைவுகள். 'லொங்குலொங்கென்று' என்பது 'நட', 'ஓடு', 'அலை' என்பவற்றோடு இணையும். 'உலாவு' என்பதோடு இணையாது. ஓய்வும் வீண் உழைப்பும் பொருளால் முரண்படுவதே காரணம். இத்தகைய இணைவு வரம்புகளே ஒரு சொல்லின் உண்மைப் பொருளைக் காட்டுகின்றன.

4. பாரதி: நடையின் பங்கீட்டை மாற்றியவர்

பாரதி 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்தார். அக்காலத்தோடும் அதன் கருத்துலகோடும் சேர்த்து எண்ணப்படும் படைப்புகளில் நடை ஓர் அரசியற்பொருளாகிறது. ஔவையாரின் ஆத்திசூடி மனித நடத்தையைக் கூறுமிடத்து 'ஒழுகு' என்னும் ஏவலைப் பயன்படுத்துகிறது. அது நீர் ஒழுகுவது போன்ற இயல்பான போக்கை அடியாகக் கொண்ட சொல். பாரதியின் புதிய ஆத்திசூடி காளையை உவமையாக்கி 'நட' என்றே ஏவுகிறது. 'நட' என்பதற்கு உடலால் நடத்தல், வாழ்க்கையில் நடந்துகொள்ளுதல் என இரு பொருளும் உண்டு. உவமை சேர்ந்தவுடன் உடற்பொருள் முன்னே வருகிறது. ஒழுக்கப்பொருள் அதன் நிழலாகத் தொடர்கிறது. எழுச்சி கொள்ளும் பாரதத்தை இளைஞனாக விளித்து வரவேற்கும் பாடலிலும் பாரதி இதே உவமையை எடுத்தாள்கிறார். அங்கு அது ஏவலன்று. 'நடை' என்னும் பெயரின் அடை.

காளையை ஆடவன் நடைக்கு உவமையாக்குதல் மரபே. மரபு மாறுவது புதுமைப் பெண்ணைப் பாடும் இடத்தில். அன்னமும் பிடியும் மகளிர் நடைக்கு உரியனவாக நின்ற நெடுங்கால வழக்கை விட்டு, நிமிர்தலைப் பெண்ணின் நடைக்கு அடையாக்குகிறார் பாரதி. இலக்கண அமைப்பு பழையதே: 'நடை' என்னும் பெயர், அதற்குமுன் ஓர் அடை. அடையின் உள்ளீடு மட்டும் மாறியுள்ளது. அன்னநடை காண்பவரின் இன்பத்துக்குரிய காட்சி; நிமிர்ந்த நடை நடப்பவரின் மனநிலைக்குச் சான்று. நோக்கப்படும் பொருளாக இருந்த நடை, நடப்பவரின் கூற்றாகிறது. இதற்குப் புதியதொரு வினைச்சொல்லைப் படைக்க வேண்டிய தேவை பாரதிக்கு நேரவில்லை. தமிழ்த் தொடர் நடைவகைக்கென ஒதுக்கிவைத்த இடம் முன்பே இருந்தது. அவ்விடத்தில் எது அமரலாம் என்பதையே அவர் மாற்றினார்.

5. மொழிபெயர்ப்பில் தோன்றும் பிழையும் அதனை அறியும் வழியும்

இவ்வமைப்பை உணராத மொழிபெயர்ப்பில் இருவகைப் பிழைகள் நேர்கின்றன. பாங்கு வினையை முற்றாக்கி, அதனோடு சென்றடையும் இடத்தைச் சேர்ப்பது ஒன்று. 'அவர் அறைக்குள் உலாவினார்' என்னும் தொடரை நோக்குக. ஒருவர் மெதுவாக அறைக்குள் நுழைந்தார் என்பது மூலத்தின் கருத்தாயின், தமிழ் வாசகர் அவர் அறைக்குள்ளேயே சுற்றிவந்தார் என்றுதான் கொள்வார். இங்குத் தொடர் பிழையாகத் தோன்றாது, பொருளே மாறிவிடும். ஆதலின் இப்பிழை எளிதில் கண்ணுக்குத் தப்புகிறது. 'நிதானமாக அறைக்குள் வந்தார்' எனத் திசைவினையை முற்றாக்கினால் கருத்து காக்கப்படும்.

மற்றொன்று மிகைப்பிழை. மூலத்தின் ஒவ்வொரு பாங்கு வினைக்கும் ஓர் எச்சத்தைத் தவறாது சேர்த்தால் தொடர்கள் அடையால் கனத்துவிடும். ஆங்கிலத்தில் பாங்கு முதன்மை வினைக்குள் அடங்குவதால் அது பின்னணியிலேயே நிற்கும். தமிழில் அது தனிச்சொல்லாக வெளிப்படுவதால் வாசகரின் கவனத்தைக் கோரும். எனவே பாங்கு கதைக்கு இன்றியமையாத இடத்தில் எச்சமும், பிற இடங்களில் 'போனான்', 'வந்தான்' என்னும் வெறும் முற்றும் போதும். பிரெஞ்சு நடைக்குப் பழகிய புதுவை மொழிபெயர்ப்பாளர்க்கு இத்தெரிவு புதிதன்று. அம்மொழியும் இதே சிக்கனத்தைக் கோருகிறது.

முடிவுரை

புதுவையின் மூன்று சான்றுகளும் ஒரே அமைப்பைக் காட்டுகின்றன. நாட்குறிப்பில் எச்சத்தின் இடத்தை ஊர்தியும் தகுதியும் நிரப்பின. அகராதிப் பணியைப் பிரெஞ்சின் பக்கமிருந்து நோக்கும்போது, தமிழில் குறையெனப்பட்டது ஒரு மொழிவகையின் இயல்பு என்பது புலனாகிறது. பாரதியின் கவிதையில் அவ்விடம் மனநிலைக்கும் உரிமைக்கும் உரியதாயிற்று.

இவ்வமைப்பு இன்றும் செயற்படுகிறது. புதுவைக் கடற்கரைச் சாலையில் மாலை முதல் மறுநாட் காலை வரை ஊர்திகள் நிறுத்தப்படுகின்றன. அங்கு நடக்க வருவோர் 'வாக்கிங் போகிறேன்' என்கின்றனர். ஆங்கிலச் சொல் தமிழுக்குள் வந்தபோது முற்றுவினையாகவில்லை. 'போ' என்பதற்கு முன்னுள்ள இடத்தில் அமர்ந்தது. பல்லக்கும் தளர்வும் நிமிர்வும் அமர்ந்த அதே இடம் அது. நடைவகைச் சொற்களைத் தொகுக்க முனையும் அகராதிகள் வினைகளின் பட்டியலோடு நில்லாது, அவ்விடத்தில் அமரும் எச்சங்களையும் ஒலிக்குறிப்புகளையும் அவை ஏற்கும் முற்றுகளோடு இணைத்துப் பதிவு செய்தல் வேண்டும். அப்போதுதான் தமிழர் நடந்த விதங்களின் உண்மையான பரப்பு தெரியவரும்.